திரட்டியின் பின்னூட்ட வளையத்தில் கேரியைச் சேமித்து வைத்தல்

கேள்வி: சென்னை தரமணியில் நாங்கள் வடிவமைக்கும் 48 பிட் திரட்டி, கடிகார வேகத்தை எட்டவில்லை. பைப்லைன் பதிவகம் சேர்த்தால் விடை தவறுகிறது. என்ன செய்வது?

அடுத்த சுழற்சிக்கே பழைய கூட்டுத்தொகை தேவைப்படுவதால், வளையத்துக்குள் கூடுதல் பதிவகம் வைக்க இயலாது. ஆகவே கேரியைப் பரவவிடாமல், கூட்டு S, கேரி C என இரு பதிவகங்களில் தனித்தனியே வைத்திருங்கள்; X என்பது புதிதாக வரும் எண்.

```
S' = S ^ C ^ X
C' = ((S&C)|(S&X)|(C&X)) << 1
```

S=5, C=0 என்றிருக்க 3 வந்தால் S=6, C=2 ஆகும்; அடுத்து 6 வந்தால் S=2, C=12, அதாவது 14. அகலம் எவ்வளவாயினும் வளையத்தின் தாமதம் ஒரு முழுக்கூட்டியினுடையதே. இறுதியில் S+C கூட்டும் கூட்டி வளையத்துக்கு வெளியே இருப்பதால், அதைத் தயக்கமின்றிப் பைப்லைன் செய்யலாம்.

பதிவகங்கள் இரட்டிப்பாகும் என்பதைவிட முக்கியமான வரம்பு, இறுதிக் கூட்டலுக்கு முன் குறியையோ வழிதலையோ அறிய முடியாது என்பதே. எனவே ஒவ்வொரு சுழற்சியிலும் உச்சவரம்பில் நிறுத்த வேண்டிய திரட்டிக்கு இம்முறை நேரடியாகப் பொருந்தாது.