பார்ட்டி ஷீட்டில் நேற்று என்ன பேசினோம் என்பதைவிட நாளை யாரைக் கூப்பிடணும் என்பதே முக்கியம்

கேள்வி: "தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் வீடு, மனை புரோக்கராக இருக்கிறேன். மாதம் 60, 70 விசாரணை வருது. நோட்டில் எழுதி வைக்கிறேன், ஆனா பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிட மறந்துபோகுது. கூகுள் ஷீட்டில் போடலாம்னு இருக்கேன். என்னென்ன காலம் வேணும், எப்படிப் பயன்படுத்தணும்?"

காலங்களின், அதாவது column-களின், வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் ஃபார்முலாக்கள் இந்த வரிசையை நம்பியே எழுதப்பட்டவை. A வந்த தேதி, B பெயர், C செல் நம்பர், D எங்கிருந்து வந்தார், E என்ன தேவை, F சொன்ன பட்ஜெட், G கைப்பணம், H நிலை, I அடுத்த வேலை, J அடுத்த தேதி, K குறிப்பு, L சைட் பார்த்த தேதி. டேபுக்கு `Leads` என்று பெயர் வையுங்கள். பக்கத்திலேயே `Today` என்று இன்னொரு காலி டேப் திறந்து, அதன் A2 கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=IFERROR(SORT(FILTER(Leads!A2:K, Leads!J2:J<>"", Leads!J2:J<=TODAY()), 10, TRUE), "இன்று யாரும் இல்லை")
```

இன்றைக்குக் கூப்பிட வேண்டியவர்களும் தேதி தாண்டியவர்களும் மட்டும் இங்கே வருவார்கள், ரொம்ப நாளாகக் காத்திருப்பவர் மேலே இருப்பார். காலையில் நீங்கள் திறக்க வேண்டியது இந்த டேபைத்தான். 400 வரி உள்ள `Leads` டேபைத் தினமும் மேலிருந்து கீழே படிக்க யாராலும் முடியாது. நோட்டில் உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இதை நம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்து File, Settings போய் Locale என்ற இடத்தில் India என்று இருக்கிறதா பாருங்கள். பலருடைய கணக்கில் அது அமெரிக்காவாக இருக்கும். அப்படி இருந்தால், ஜூலை 11 என்று நினைத்து நீங்கள் 11/07 என்று அடிப்பது நவம்பர் 7 ஆகிவிடும். அந்தப் பார்ட்டி நவம்பர் வரை உங்கள் பட்டியலில் தலைகாட்ட மாட்டார். 13/07 என்று அடித்தாலோ, 13வது மாதம் கிடையாது என்பதால் ஷீட் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அந்த வரியும் `Today` டேபுக்கு வராது. பிழை என்று எங்கும் காட்டாது, ஆள் மட்டும் காணாமல் போவார். கண்ணால் பிடிக்க ஒரு வழி உண்டு: உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம் நிற்கும். Locale மாற்றிய பிறகும் ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதிகள் தானாகத் திருந்தாது, அவற்றைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

கண்ணை மட்டும் நம்பாமல், `Leads` டேபில் A2 முதல் L வரை தேர்ந்தெடுத்து Conditional formatting-இல் Custom formula என்ற இடத்தில் இதைக் கொடுத்துச் சிவப்பு நிறம் வையுங்கள்:

```
=AND($C2<>"", NOT(ISNUMBER($J2)), $H2<>"மூடியது")
```

தேதி போடாமல் விட்ட வரி, தேதி எழுத்தாகிப்போன வரி இரண்டுமே சிவக்கும். மூடாத எந்தப் பார்ட்டியும் அடுத்த தேதி இல்லாமல் இருக்கக் கூடாது. இந்த ஷீட்டில் நான் கறாராகச் சொல்லும் விதி இது ஒன்றுதான்.

இனி பட்ஜெட். நம் தொழிலில் அதிகம் ஏமாற்றும் காலம் இது. ஒரு பார்ட்டி எப்படி நகர்கிறார் என்று கற்பனையாக ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ஜூலை 8, ஒரு போர்ட்டலில் விளம்பரம் பார்த்துவிட்டு ஒருவர் கூப்பிடுகிறார். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் 2 பெட்ரூம் ரீசேல் ஃபிளாட் வேண்டும், பட்ஜெட் 50 லட்சம் என்கிறார். F காலத்தில் 50 என்று எழுதுங்கள். ஆனால் அதோடு விடாமல் கேளுங்கள்: "சார், லோன் போக நம்ம கையில எவ்வளவு வச்சிருக்கீங்க?" அவர் 12 லட்சம் என்கிறார். G காலத்தில் 12.

இப்போது கணக்கைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மீதி 20 சதவீதம் அவர் கையிலிருந்து வர வேண்டும். அது போக, தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வங்கி மதிப்பில் இதைச் சேர்க்காது. உங்கள் கமிஷன் 1 சதவீதம் என்று வைத்தால், விலையில் 30 சதவீதம் அவருடைய கைக்காசாக வேண்டும். 50 லட்ச ஃபிளாட்டுக்கு 15 லட்சம் ஆகிறது. அவரிடம் இருப்பது 12. அந்தப் பணத்தில் அவர் நிம்மதியாகத் தொடக்கூடியது 40 லட்ச ஃபிளாட்: முன்பணம் 8, பத்திரச் செலவு 3.6, கமிஷன் 0.4.

கைப்பணத்தை 0.3 ஆல் வகுத்தால் இந்த விலை கிடைத்துவிடும். ஆனால் இது ஒரு தோராயக் கணக்குதான். கடன் 30 லட்சத்துக்குள் இருந்தால் 90 சதவீதம் வரை கிடைக்க வாய்ப்பு உண்டு. மறுபக்கம், அவருடைய சம்பளத்துக்கு அந்த இஎம்ஐ தாங்காவிட்டால் வங்கி இன்னும் குறைக்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் பேசிய விலையைவிடக் குறைத்துப் போட்டாலும் கைக்காசு கூடும். எப்படியானாலும், 50 லட்ச ஃபிளாட்டாக நாலு ஞாயிறு காட்டிவிட்டு டோக்கன் நேரத்தில் "வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று கேட்பதைவிட, முதல் போனிலேயே 40 லட்சத்துக்குள் தேடுவது இருவருக்கும் நல்லது.

நிலை என்ற காலத்துக்கு வருவோம். 'ஹாட்', 'வார்ம்', 'ஆர்வமா இருக்கார்' என்றெல்லாம் வைக்காதீர்கள். அது உங்கள் மனநிலை, பார்ட்டியின் நிலை அல்ல. நடந்து முடிந்த காரியத்தை மட்டும் வையுங்கள்: புதுசு, பேசியாச்சு, சைட் பார்த்தாச்சு, விலை பேச்சு, டோக்கன், பதிவு, மூடியது. Data validation-இல் டிராப்டவுனாகப் போட்டுவிடுங்கள். கையால் அடித்தால் ஒருநாள் 'சைட் பாத்தாச்சு', இன்னொரு நாள் 'விசிட் ஓகே' என்று ஆகும், மேலே உள்ள ஃபார்முலாவும் 'மூடியாச்சு' என்பதை 'மூடியது' என்று எடுத்துக்கொள்ளாது.

நம் பார்ட்டி ஜூலை 13 ஞாயிறு ஊரப்பாக்கத்தில் 39 லட்ச ஃபிளாட் ஒன்றைப் பார்க்கிறார், பிடிக்கிறது. "நல்லாத்தான் இருக்கு, ஆடி போகட்டுமே" என்கிறார். நம்மில் பலர் இங்கே 'ஆடிக்குப் பிறகு ஃபாலோ அப்' என்று எழுதி ஆகஸ்ட் 17 என்று தேதி போடுவார்கள். ஆவணி பிறக்கும்போது அவர் வேறு யார் மூலமாகவோ வேறு ஃபிளாட்டுக்கு டோக்கன் கொடுத்திருப்பார். ஆடியில் வேண்டாம் என்று பெரும்பாலும் சொல்வது அட்வான்ஸையும் பதிவையும்தான். பேப்பர் பார்ப்பதற்கும் லோனுக்கு மனுப் போடுவதற்கும் ஆடி குறுக்கே நிற்காது. அதனால் I காலத்தில் 'மூலப்பத்திரம், வில்லங்கம் நகல் வாட்ஸ்அப்பில் அனுப்ப' என்று எழுதி ஜூலை 15 போடுங்கள். அனுப்பியதும் அந்த வரியை மாற்றுங்கள்: 'வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்க', ஜூலை 22. அதற்கடுத்து 'சம்பளச் சீட்டு வங்கியில் கொடுத்தாரா என்று கேட்க', ஜூலை 28. ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் அவர் கையில் லோன் சாங்ஷன் இருக்கும். டோக்கன் வாங்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

'ஃபாலோ அப்' என்ற வார்த்தையையே I காலத்தில் எழுதாதீர்கள். போனை எடுத்து முதல் வரியாக என்ன பேசுவீர்களோ அதை எழுதுங்கள். தேதியையும் நீங்களாக முடிவு செய்யாமல் அவர் வாயாலேயே வாங்குங்கள். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றால், "புதன்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு மேல கூப்பிடட்டுமா சார்?" என்று கேளுங்கள். அவர் 'சரி' என்று சொன்ன தேதியில் கூப்பிட்டால் தொந்தரவாகத் தெரியாது.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு சமயம் என் பட்டியலில் தேதி தாண்டியவர்களாக 38 பேர் நின்றார்கள். மலைப்பாக இருந்தது. எல்லாருடைய தேதியையும் ஒரே இழுப்பில் அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளினேன். திங்கட்கிழமை 50 பேர் ஆனார்கள். பிறகு அந்த டேபைத் திறப்பதையே விட்டுவிட்டேன். இப்போது மூன்று முறை வெவ்வேறு நாளில் கூப்பிட்டும் எடுக்காதவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு 'மூடியது' என்று மாற்றி, தேதியை அழித்துவிடுகிறேன். ஏன் மூடினேன் என்று K காலத்தில் இரண்டு வார்த்தை. வரியை அழிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அவரே கூப்பிடுவார், அப்போது பழைய கதை தேவைப்படும்.

எங்கிருந்து வந்தார் என்பதில் முதல் வழியை மட்டும் எழுதி, பிறகு மாற்றாமல் விடுங்கள். போர்ட்டல், போர்டு பார்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பழைய பார்ட்டி சொல்லி என்று ஐந்தாறு போதும். வேறு புரோக்கர் கொண்டுவந்த ஆள் என்றால் அவர் பெயரையும் கமிஷனில் எத்தனை பங்கு என்று பேசியதையும் அன்றே K காலத்தில் எழுதிவிடுங்கள். பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று பேசுகிற விஷயம் அல்ல அது. ஒரே ஆள் போர்ட்டலிலும் போர்டு பார்த்தும் இரண்டு முறை வருவது சகஜம். செல் நம்பரை +91 இல்லாமல், இடைவெளி இல்லாமல் 10 இலக்கமாகவே அடித்தால், C காலத்துக்கு இந்த விதி இரட்டை வரியைக் காட்டிக்கொடுக்கும்:

```
=AND($C2<>"", COUNTIF($C$2:$C,$C2)>1)
```

மாதக் கடைசியில் எந்த வழியில் எத்தனை விசாரணை என்று எண்ணாதீர்கள், எத்தனை பேர் சைட் வரை வந்தார்கள் என்று எண்ணுங்கள். நிலை மாறிக்கொண்டே போகும் என்பதால்தான் L காலத்தில் சைட் பார்த்த தேதியைத் தனியாக வைத்தது.

```
=COUNTIFS(Leads!D2:D,"போர்ட்டல்",Leads!L2:L,">0")
```

அந்த மாதம் போர்ட்டலுக்குக் கட்டிய பணத்தை இந்த எண்ணால் வகுத்தால், ஒரு ஆளை சைட்டுக்குக் கூட்டிவர என்ன செலவானது என்று தெரியும். ஷீட்டில் பல மாதம் சேர்ந்த பிறகு, அந்த மாத வரிகளை மட்டும் எண்ண இரண்டு நிபந்தனை சேர்க்க வேண்டும். உதாரணமாக 2025 ஜூலைக்கு:

```
=COUNTIFS(Leads!D2:D,"போர்ட்டல்",Leads!L2:L,">="&DATE(2025,7,1),Leads!L2:L,"<"&DATE(2025,8,1))
```

நோட்டில் இருக்கும் பழைய பெயர்களை எல்லாம் ஒரே ராத்திரியில் ஏற்ற வேண்டாம். கடைசி 30 நாளில் பேசியவர்களை மட்டும் ஏற்றுங்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தேதி போட்டு, ஒரு நாளைக்கு 12 பேருக்கு மேல் விழாமல்.