பிரின்டர் தெரியவில்லையா? மாற்ற வேண்டியது பிரின்டர் இல்லை

கேள்வி: கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கீழ்வீட்டில் ஃபைபர் ரவுட்டரும் வைஃபை பிரின்டரும் இருக்கின்றன. கல்சுவரைத் தாண்டி சிக்னல் வராததால், மேலே ஆபீஸ் அறைக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கினோம். நெட் வருகிறது, ஆனால் மேலே உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் பிரின்டர் தெரிவதில்லை. ஃபயர்வாலை அணைத்தும் பயனில்லை. கடையில் வேறு பிரின்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பிரின்டரின் நெட்வொர்க் மெனுவில் அதன் முகவரி இருக்கும். அது 192.168.1.50 என்றால், மேலே உள்ள லேப்டாப் பிரவுசரில் அதையே அடித்துப் பாருங்கள். பிரின்டரின் பக்கம் திறந்தால் பிரின்டரில் கோளாறு இல்லை.

தேடும்போது லேப்டாப்புக்கு இந்த முகவரி தெரியாது. அதனால் எல்லோருக்குமாகக் குரல் கொடுக்கிறது. 192.168.1.255 போன்ற பிராட்காஸ்ட் முகவரிக்கு அனுப்பினால், அந்த சப்நெட்டில், அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் கொண்ட அந்த ஒரு நெட்வொர்க்கில், உள்ள அத்தனை கருவிகளுக்கும் போகும். மல்டிகாஸ்ட் என்றால், அந்தக் குழுவில் சேர்ந்தவை மட்டும் கேட்கும்; விண்டோஸ் பிரின்டர் தேட 239.255.255.250 முகவரியில் 3702 போர்ட்டைப் பயன்படுத்துகிறது. உங்கள் இரண்டாவது ரவுட்டர் மேலே 192.168.0 என்று தனி சப்நெட் உண்டாக்கியிருக்கும். வீட்டு ரவுட்டர்கள் இந்தத் தேடல் பொட்டலங்களை அடுத்த சப்நெட்டுக்குக் கடத்துவதில்லை. ஃபயர்வாலை அணைத்தும் பலனில்லாமல் போனது இதனால்தான். அதை உடனே திரும்பப் போட்டுவிடுங்கள்.

தீர்வுக்குச் செலவில்லை. இரண்டாவது ரவுட்டரை அதன் செட்டிங்கில், தனி சப்நெட் உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் Access Point மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் DHCP-ஐ அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை இன்டர்நெட் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருகுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்று வைத்துச் சொல்கிறேன். லேப்டாப்பை மறுபடி இணைத்து, அதில் Command Prompt திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

192.168.1 என்று தொடங்கும் முகவரி வந்தால் இரண்டும் ஒரே சப்நெட்டில் சேர்ந்துவிட்டன.

அதன்பிறகும் தெரியவில்லையென்றால் அப்போதுதான் ஃபயர்வாலைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரணமாக ஃபயர்வால், நாம் யாரிடம் கேட்டோமோ அவரிடமிருந்து வரும் பதிலை மட்டும் உள்ளே விடும். இங்கே கேள்வி போனது 239.255.255.250-க்கு, பதில் வருவதோ 192.168.1.50-இலிருந்து. கண்டிப்பான ஃபயர்வாலுக்கு இது அந்நியர் அனுப்பிய பொட்டலம். விண்டோஸ் இதற்கென்றே சில விநாடிகள் கதவைத் திறந்து வைக்கிறது. ஆனால் வைஃபை Public என்று குறிக்கப்பட்டிருந்தால் தேடலே முடக்கப்பட்டிருக்கும். அதை Private ஆக்குங்கள். வேறு ஆன்டிவைரஸ் ஃபயர்வால் இருந்தால் அதிலும் பாருங்கள்.

விருந்தினர்கள் கீழ்வீட்டு வைஃபையில் இருக்கிறார்களா? அப்படியானால் ஒரே சப்நெட் ஆக்காமல், பிரின்டரை முகவரி கொடுத்தே லேப்டாப்பில் சேர்ப்பது நல்லது. அது நேரடித் தொடர்பு என்பதால் ரவுட்டரைத் தாண்டும். முதல் ரவுட்டரில் பிரின்டருக்கு அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கரன்ட் போய் வந்தபின் முகவரி மாறி பிரின்ட் நின்றுவிடலாம்.