தொலைந்த எழுத்தை யோத்தின் அடியில் தேடுங்கள்

கேள்வி: எபிரேய வேதாகமம் வாசிக்கப் பழகுகிறேன். மூன்று எழுத்தும் தெரியும் வினைகள் பிடிபடுகின்றன. வசனத்தில் இரண்டே வேர் எழுத்து தெரிந்தால், அது நடு எழுத்து மறையும் ஹாலோ வினையா, கடைசியில் ஹே உள்ள வேரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டவணை மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

நீங்கள் இறையியல் கல்லூரியில் முதல் வருடமாக இருக்க வேண்டும், அல்லது மாலை வகுப்பில் சேர்ந்து பாதிப் புத்தகத்தில் நிற்க வேண்டும். அந்தப் பாதியில்தான் எல்லோரும் நின்றுபோகிறார்கள். ஒழுங்கான வினையை வைத்து முதல் பாதி முழுக்க ஓட்டிவிட்டு, வேர் எழுத்து மறைந்துபோகும் பலவீன வினைகளைப் பின்பாதியில் அட்டவணை அட்டவணையாகக் கொட்டியிருப்பார்கள். ஆனால் வசனத்தைத் திறந்தால் முதலில் வந்து நிற்பதே இந்தப் பலவீன வினைகள்தான். வா, போ, எழு, திரும்பு, பார், செய், கட்டு, ஏறு, இரு, சாவு என்று கதைக்கு வேண்டிய வினைகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டம். அட்டவணை ஏறவில்லை என்றால் அது உங்கள் குற்றமில்லை.

நீங்கள் தடுக்கி விழும் இடம் கதை சொல்லும் வடிவமாகத்தான் இருக்கும். வாவின் அடியில் பதாக், அடுத்த யோத்துக்குள் தாகேஷ் புள்ளி, ‘வய்ய...’ என்று தொடங்கும் வடிவம். அதில் யோத்துக்குப் பிறகு இரண்டு எழுத்துதான் இருக்கிறது என்றால், காணாமல் போனது முதல் எழுத்தா, நடு எழுத்தா, கடைசி எழுத்தா என்பதே கேள்வி. பதில் அந்த யோத்தின் அடியில் இருக்கும் உயிர்க்குறியில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், அட்டவணை பிறகு.

ஆதியாகமம் 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் அதிகாரம். ஒன்பதாம் வசனத்தில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. முதலில் ‘வய்யாவோஊ’, அந்த இடத்துக்கு வந்தார்கள். யோத்தின் அடியில் காமெட்ஸ். அதாவது ‘யா’ என்று நீளும் குறி. காமெட்ஸ் இருந்தால் தொலைந்தது நடு எழுத்து, ஹாலோ வினை. வேர் பேத்-வாவ்-ஆலெஃப். நான்கு சொல் தாண்டினால் அதே வசனத்தில் ‘வய்யிவென்’, பலிபீடத்தைக் கட்டினான். யோத்தின் அடியில் ஹிரிக், அதாவது ‘யி’. பேத்தும் நூனும்தான் தெரிகின்றன, நடுவில் செகோல். ஹிரிக்கும் அடுத்த எழுத்தில் செகோலும் வந்தால் தொலைந்தது கடைசி எழுத்து. வேர் பேத்-நூன்-ஹே, அகராதியில் ‘பானா’.

ஏன் இப்படி என்று தெரிந்தால் மறக்காது. முன்னொட்டின் பழைய உயிர் அகரம். ஹாலோ வினையில் ‘யா-ஷூவ்’ என்று அசை திறந்தே நிற்கிறது, மூட மெய் இல்லை. அதனால் அகரம் நீண்டு காமெட்ஸ் ஆனது. ‘யிவ்-னே’ என்பதில் பேத் வந்து அசையை மூடிவிடுகிறது. மூடிய அசையில் அகரம் தேய்ந்து இகரமானது. இப்போது கதை வடிவத்துக்காக வாலில் இருக்கும் ‘ஏ’யையும் ஹேயையும் வெட்டுங்கள். ‘யிவ்ன்’ என்று இரண்டு மெய் முட்டிக்கொண்டு நிற்கும். நாம் ‘பல்ப்’ என்பதை ‘பல்பு’ என்று உகரம் ஒட்டிச் சமாளிப்பது போல, எபிரேயம் நடுவில் ஓர் எகரத்தை நுழைத்துச் சமாளிக்கிறது. அந்த எகரம்தான் செகோல். அசை உடைந்த பிறகும் பழைய ஹிரிக் மட்டும் அப்படியே நிற்கிறது.

வெட்டாத வடிவம் வேண்டுமா, அதே அதிகாரத்தின் எட்டாம் வசனம். ‘எலோஹீம் யிர்ஏ லோ’, தேவன் பார்த்துக்கொள்வார். இங்கே ஹே முழுசாக இருக்கிறது. நான்காம் வசனத்திலும் பதின்மூன்றாம் வசனத்திலும் அதே வேர் கதை வடிவத்தில் ‘வய்யர்’ என்று வரும்போது ஹே போய்விட்டது. ரேஷ், ஆலெஃப் இரண்டுதான் மிச்சம். இங்கே யோத்துக்கு ஹிரிக் இல்லை, பதாக். தொண்டை எழுத்துகளும் ரேஷும் சேரும் இடத்தில் இப்படிப் பதாக் எட்டிப்பார்க்கும். ‘வய்யஅஸ்’, செய்தான், ‘வய்யஅல்’, ஏறினான், எல்லாம் இந்த வகை. பதாக்கைக் காமெட்ஸ் என்று படித்துவிடாதீர்கள், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

இனி என் கதை. எங்கள் ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் புள்ளியே இல்லாமல் நான்கு எழுத்து எழுதினார்: வாவ், யோத், ஷின், பேத். என்ன வினை என்று கேட்டார். ஒருவன் உட்கார்ந்தான் என்றான், ஒருவன் திரும்பினான் என்றான். அவர் சிரித்துவிட்டு, வேதாகமத்தில் இது நான்கு விதமாவது வருகிறது என்று சொல்லி அடுத்த அட்டவணைக்குப் போய்விட்டார். அந்த நான்கையும் நானாகத் தேடி எடுத்தேன். அதில் இரண்டு ஒரே வசனத்தில் இருக்கின்றன, ஆதியாகமம் 22:19.

அந்த வசனம் ‘வய்யாஷொவ் அவ்ராஹாம்’ என்று தொடங்குகிறது, வேலைக்காரரிடம் திரும்பி வந்தான். யோத்தின் அடியில் காமெட்ஸ், ஆகவே ஷின்-வாவ்-பேத், ஹாலோ. இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஷின்னின் அடியிலும் அதே காமெட்ஸ் குறிதான் இருக்கிறது, ஆனால் அதை ‘ஒ’ என்று வாசிக்க வேண்டும். அழுத்தம் ‘யா’ மேல் ஏறிவிட்டதால் கடைசி மூடிய அசை குறுகிப்போயிற்று. ‘ஊ’ சுருங்கி ‘ஒ’ ஆனது. மூன்றாம் வசனத்து ‘வய்யாக்கொம்’, எழுந்தான், அதே கதை. 22:19-இல் அடுத்து வருவது ‘வய்யாக்குமூ’, எழுந்தார்கள். பன்மை விகுதி வந்தவுடன் ‘உ’ திரும்பிவிட்டது, ஆனால் வாவ் எழுத்தாக இல்லை, கோஃபின் அடியில் மூன்று புள்ளியாக மட்டும் நிற்கிறது. வாவைத் தேடினால் கிடைக்காது, காமெட்ஸைத் தேடினால் கிடைக்கும்.

வசனத்தின் கடைசியில் ‘வய்யேஷெவ் அவ்ராஹாம்’, பெயெர்செபாவில் குடியிருந்தான். அதே நான்கு எழுத்து. ஆனால் யோத்துக்குச் சேரே, ‘யே’. சேரேயும் பின்னால் செகோலும் வந்தால் தொலைந்தது முதல் எழுத்து. வேர் யோத்-ஷின்-பேத். மூன்றாவது ஆதியாகமம் 14:16-இல் ‘வய்யாஷெவ்’, ஆபிராம் கொள்ளைப்பொருளை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தான். யோத்துக்குக் காமெட்ஸ், ஹாலோதான். பின்னால் ‘ஒ’வுக்குப் பதில் செகோல் இருப்பதால் ஹிஃபில், அதாவது திரும்பச் செய்தான். நான்காவது எண்ணாகமம் 21:1-இல் ‘வய்யிஷ்ப்’, ஆராத்தின் ராஜா சிலரைச் சிறைபிடித்தான். யோத்துக்கு ஹிரிக், ஆகவே கடைசி எழுத்து ஹே, ஷின்-பேத்-ஹே. இதில் உதவி எகரம் நுழையவில்லை, ஷின்னும் பேத்தும் ஒட்டியே நிற்கின்றன.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திறந்ததும் இதே 22:19-தான். ஒவ்வொரு வினையிலும் விரல் வைத்தார், நான் யோத்தைப் பார்த்து வேரைச் சொன்னேன், காரணமும் சொன்னேன். அவருக்குத் திருப்தி. பக்கத்தில் இருந்த எங்கள் ஆசிரியர் மட்டும், ஹாலோ வினையின் முழு அட்டவணையை ஒப்பி என்றார். ஒப்பிக்கவில்லை. மதிப்பெண் குறைந்தது. அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். வேரைக் கண்டுபிடித்த பிறகு சரிபார்க்க அட்டவணை வேண்டும். கண்டுபிடிக்க அது உதவாது, அவ்வளவுதான். பழைய அகராதிகள் வேர் வரிசையில் அடுக்கியவை, வேர் தெரியாமல் பக்கத்தையே திறக்க முடியாது. ‘கடைசி ஹே என்பதே தப்பு, அது உண்மையில் யோத்’ என்று எழுத வரும் பண்டிதர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், தெரியும். 22:16-இல் ‘அசீத்தா’, நீ செய்தாய், என்று வரும்போது ஹே போய் அந்தப் பழைய யோத்தான் வெளியே வருகிறது. விகுதிக்கு முன்னால் ‘ஈ’ என்று யோத் நின்றால் அதுவும் உங்களுக்கு அடையாளமே.

இந்த ஹே விஷயத்தில் என் வயிற்றெரிச்சல் வேறு. ‘மூல பாஷையில்’ என்று தொடங்கும் பிரசங்கங்கள். செல்போனில் சொல்லுக்குரிய ஸ்ட்ராங் எண்ணைத் தட்டி அகராதி அர்த்தம் பார்த்துவிட்டு மேடை ஏறுகிறார்கள். அந்த எண் வேரைத்தான் காட்டும், வசனத்தில் நிற்கும் வடிவத்தை அல்ல. ‘திரும்பினான்’ என்பதும் ‘திரும்பக் கொண்டுவந்தான்’ என்பதும் அதில் ஒரே எண்தான். ஒருவர் 22:5-இல் ‘நாஷூவா’ என்ற சொல்லின் கடைசி ஹேயைப் பார்த்து, இது சிறைபிடிக்கும் வேர் என்று அரைமணி நேரம் பேசினார். அது வேரின் ஹே இல்லை. ‘திரும்பி வருவோம்’ என்ற எண்ணத்தைச் சொல்ல வாலில் ஒட்டிய ‘ஆ’. நூனின் அடியில் காமெட்ஸ் இருக்கிறது, நடுவில் ‘ஊ’ இருக்கிறது, ஷூவ்தான். நூனோ தாவோ யோத்தோ, முன்னொட்டு எதுவானாலும் அதன் அடியில் பார்க்கும் விதி ஒன்றே.

இந்த வழி கைவிடும் இடங்களும் உண்டு. சேரே இருந்தும் கடைசி ஹே வரலாம். ஆதியாகமம் 29:11-இல் ‘வய்யேவ்க்’, யாக்கோபு அழுதான், வேர் பேத்-காஃப்-ஹே. பின்னால் செகோல் இல்லாமல் இரண்டு மெய்யும் முட்டி நிற்பதுதான் வித்தியாசம். காமெட்ஸ் இருந்தும் ஹாலோ இல்லாத வினையும் உண்டு, இரண்டாம் மூன்றாம் எழுத்து ஒன்றாக இருக்கும் வேர்கள். யோசுவா 6:14-இல் எரிகோவைச் சுற்றுகிறார்கள், ‘வய்யாசொப்பூ’. அதே வசனத்தில் பாளயத்துக்குத் திரும்புகிறார்கள், ‘வய்யாஷுவூ’. இரண்டிலும் யோத்துக்குக் காமெட்ஸ். முதலாவதில் பேத்துக்குள் தாகேஷ் இருக்கிறது, சொல்லும்போது ‘ப்’ இரட்டிக்கிறது. இரண்டாவதில் இல்லை. பன்மையில் இப்படிப் பிரிக்கலாம். ஒருமையில் ‘வய்யாசொவ்’ என்று வந்தால் சாமெக்-வாவ்-பேத், சாமெக்-பேத்-பேத் இரண்டையும் அகராதியில் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

முன்னொட்டே இல்லாத வடிவங்களில் அழுத்தம்தான் துணை. ராகேல் ஆடுகளோடு வருவதை ஆதியாகமம் 29:6 ‘பாஆ’ என்கிறது, 29:9-உம் அதே எழுத்து, அதே உயிர்க்குறி. ஆறில் அழுத்தம் கடைசி அசையில், வந்துகொண்டிருக்கிறாள். ஒன்பதில் முதல் அசையில், வந்துவிட்டாள். யூத உரையாசிரியர் ராஷி பதினோராம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்திருக்கிறார். அழுத்தத்தைக் காட்டுவது உயிர்க்குறி அல்ல, எழுத்துக்கு மேலும் கீழும் வரும் ராகக்குறி. சில மலிவுப் பதிப்புகளிலும் செயலிகளிலும் அதை எடுத்துவிட்டிருப்பார்கள். வாங்கும்முன் இந்த இரண்டு வசனத்தையும் திறந்து பாருங்கள், ‘பாஆ’ இரண்டிலும் குறி வேறு வேறு எழுத்தில் நின்றால் அந்தப் பதிப்பை வாங்கலாம்.