30X என்று போட்ட பூதக்கண்ணாடி

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக ஆன்லைனில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். 75 மி.மீ. அகலம், '30X' என்று போட்டிருந்தது. வந்த கண்ணாடியில் எழுத்து இரண்டு மடங்குகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தாளிலிருந்து தூக்கிக்கொண்டே போனால் மங்கிப்போய், அப்புறம் எழுத்து தலைகீழாகிவிடுகிறது. கண்ணாடி பழுதா? பள்ளிப் பாடத்துக்கு எந்த மாதிரி வாங்கலாம்?

பதில்: கண்ணாடியில் பழுதில்லை. பெட்டியில் போட்ட எண்தான் பொய். அதை நீங்களே வீட்டில் அளந்து காட்டிவிடலாம். மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டுங்கள். கண்ணாடியைத் தாளுக்கு முன்னால் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வெளியே இருக்கும் மரமும் எதிர்வீட்டு மாடியும் சின்னதாக, தலைகீழாக, நிறம் மாறாமல் தாளில் வந்து விழும். அந்த நிலையில் லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் அதுதான் குவியத் தொலைவு. ஒரு கவனம் வேண்டும்: ஜன்னல் கம்பி தெளிவாக விழும் இடமும் மரம் தெளிவாக விழும் இடமும் ஒன்றல்ல. கம்பி பக்கத்தில் இருப்பதால் அதன் பிம்பம் ஒன்றிரண்டு செ.மீ. தள்ளி விழும். மரத்தையே கணக்கில் எடுங்கள். சூரியனை வைத்து அளக்க வேண்டாம், தாள் பற்றிக்கொள்ளும்.

தாளில் படம் விழுந்திருக்கும்போதே லென்ஸின் பாதியை ஓர் அட்டையால் மறைத்துப் பாருங்கள். பாதி மரம் காணாமல் போகும் என்றுதான் பெரும்பாலும் எதிர்பார்ப்போம். ஆனால் முழு மரமும் அப்படியே இருக்கும், கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி லென்ஸின் பரப்பு முழுவதிலும் வந்து விழுகிறது. லென்ஸ் அதை வளைத்து, அந்தப் புள்ளிக்கு உரிய ஒரே இடத்தில் மறுபடி கூட்டிச் சேர்க்கிறது. பாதி லென்ஸுக்கும் அந்த வேலை தெரியும். ஒளிதான் பாதியாகக் குறையும். பாடப்புத்தகப் படத்தில் இரண்டு மூன்று கதிர்கள் மட்டும் வரைவது நம் வசதிக்காக. இப்படி ஒளி உண்மையிலேயே வந்து கூடுவதால்தான் அது மெய் பிம்பம், திரையில் பிடிக்கவும் முடிகிறது.

சரி, பொருளை லென்ஸுக்கு மிக அருகில், குவியத் தொலைவுக்கும் உள்ளே வைத்தால்? அவ்வளவு பக்கத்திலிருந்து வரும் ஒளி மிகவும் விரிந்து வருகிறது. அதைக் கூட்டிச் சேர்க்க லென்ஸின் வளைவு போதாது; விரிவைக் குறைத்து மட்டும் அனுப்புகிறது. கண் அந்தக் கதிர்களைப் பின்னோக்கித் தொடர்ந்து, எழுத்து இன்னும் தள்ளி, பெரிதாக இருப்பதாகக் காண்கிறது. இது மாய பிம்பம். தாளில் பிடிக்க முடியாது, நிமிர்ந்தே இருக்கும்.

உங்கள் கண்ணாடி செய்தது இதைத்தான். 75 மி.மீ. அகலக் கைக்கண்ணாடி ஒன்றின் குவியத் தொலைவு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், இந்த அளவில் அது சாதாரணம். தாளிலிருந்து 20 செ.மீ. வரை தூக்கும்போது நிமிர்ந்த பிம்பம் பெரிதாகிக்கொண்டே போகும். 20-ஐ நெருங்கினால் மங்கும். அதைத் தாண்டினால் மெய் பிம்பமாக மாறித் தலைகீழாகும். எல்லாக் குவிலென்ஸும் இப்படித்தான் செய்யும்.

இனி அந்த 30X. பூதக்கண்ணாடி ஏன் பெரிதாக்குகிறது என்பதற்கு லென்ஸே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டுக் கண்ணை ஒட்டிப் பிடியுங்கள். நல்ல வெளிச்சத்தில் பொடி எழுத்தைக் கண்ணுக்கு 5 செ.மீ. அருகில் கொண்டுவாருங்கள். எழுத்து மங்கலான வெளிச்சத்தில், ஆனால் பெரிதாக, படிக்கும்படி தெரியும். அட்டையை எடுத்தால் வெறும் கலங்கல். பொருள் கண்ணுக்கு அருகில் வர வர விழித்திரையில் விழும் அதன் படம் பெரிதாகத்தான் ஆகிறது. ஆனால் சுமார் 25 செ.மீ.க்கும் அருகில் இருப்பதைச் சாதாரணக் கண்ணால் தெளிவாகக் குவிக்க முடியாது. நல்ல பூதக்கண்ணாடி அந்தத் தடையைத்தான் நீக்குகிறது: பொருளை அருகில் கொண்டுவா, குவிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது.

ஆகவே கணக்கு எளிது. 25-ஐக் குவியத் தொலைவால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். கண்ணை லென்ஸை ஒட்டி வைத்தால் கிடைக்கும் அதிகபட்சம் அது. 20 செ.மீ. லென்ஸுக்கு 1.25, கூட ஒன்று, 2.25 மடங்கு. கையை நீட்டிப் பிடித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் வராது. உங்களுக்கு இரண்டு மடங்குகூடத் தெரியாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

30 மடங்கு வேண்டுமென்றால் குவியத் தொலைவு கிட்டத்தட்ட 0.85 செ.மீ. இருக்க வேண்டும். வளைவு அதிகமானால்தான் குவியத் தொலைவு குறையும். ஒரு லென்ஸ் முழு உருண்டை ஆகும் வரைதான் அதை வளைக்க முடியும். சாதாரணக் கண்ணாடி உருண்டையின் குவியத் தொலைவு அதன் விட்டத்தில் முக்கால் பங்கு. அப்படியானால் 30X உருண்டையின் விட்டம் சுமார் 1.1 செ.மீ.; ஒரு சின்னக் கோலிக்குண்டு அளவுகூட இல்லை. மாறாக 75 மி.மீ. விட்டமுள்ள கனத்த கண்ணாடி உருண்டையையே கையில் வைத்துப் பார்த்தாலும் ஐந்தரை மடங்கைத் தாண்டாது. தட்டையான உங்கள் லென்ஸ் 30X ஆக வழியே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் லேவன்ஹூக் ஒற்றை லென்ஸால் 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த லென்ஸ்கள் மிளகைவிடச் சிறியவை, கண்ணை ஒட்டி வைத்துத்தான் பார்க்க முடிந்தது.

கடையில் இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளங்கை அகலக் கண்ணாடியில் 10X, 30X என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். அகலம் படிக்க வசதி, அவ்வளவே. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸிலும் 30X என்று அச்சிட்டு விற்கிறார்கள், 2 செ.மீ. அகலம் இருந்தால் அதுவும் பொய்தான்.

பள்ளிக்கு 10 செ.மீ. குவியத் தொலைவு, 50 மி.மீ. அகலம் உள்ள கண்ணாடி லென்ஸ் போதும். மூன்றரை மடங்கு காட்டும், சுவரில் படமும் நன்றாக விழும். பரிசோதனைக்கூடப் பொருள் விற்கும் கடைகளில் குவியத் தொலைவைச் சொல்லியே கேட்கலாம். வாங்கும்போது கட்டம் போட்ட தாளை அதன் வழியே பாருங்கள். ஓரத்துக் கோடுகள் கொஞ்சம் வளைவது இயல்பு, நடுவிலேயே வளைந்தால் விட்டுவிடுங்கள்.

பழையதைத் திருப்பி அனுப்பும்போது 'விவரிப்புக்குப் பொருந்தவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் வைத்து அளந்த புகைப்படத்தைச் சேருங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அளந்த குவியத் தொலைவையும் கணக்கையும் இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். அதை உங்கள் மகளே எழுதட்டும்.