பச்சைப் பொடியும் பி12-உம்: வாசகர் கேள்விகள்

ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசிப் பொடியில் 60 சதவீதம் புரதமாமே, பருப்பைக் குறைத்துக்கொள்ளலாமா? (ஈரோடு)

கூடாது. இரண்டு டீஸ்பூன் பொடி சுமார் 5 கிராம். அதில் புரதம் 3 கிராம்தான், அதாவது அரை முட்டை அளவு. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை கிராம் வாயில் போகிறது என்று பாருங்கள்.

சுத்த சைவம். பி12 குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை நிறுத்திவிட்டு ஆறு மாதமாக ஸ்பைருலினா சாப்பிடுகிறேன். பாதத்தில் மதமதப்பு இருக்கிறது. அளவைக் கூட்டலாமா? (மயிலாப்பூர்)

கூட்டாதீர்கள். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். முதலில் என்ன அளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று எதையும் எழுதாமல் பொடியின் அளவை மட்டும் கேட்கிறீர்கள்!

எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. உருவத்தில் அசல் போலவே இருக்கும், ஆனால் நம் உடம்புக்குப் பயன்படாது. அப்படியானால் டப்பாவில் அவ்வளவு பெரிய எண் எப்படி வருகிறது? பி12 இருந்தால் வளரும் ஒரு பாக்டீரியாவை வைத்து அளப்பது பழைய முறை. அந்த பாக்டீரியா போலியையும் தின்று வளரும். அதனால் இரண்டும் சேர்ந்தே கணக்கில் ஏறிவிடுகிறது. குளோரெல்லா என்ற இன்னொரு பாசிப் பொடியில் அசல் பி12 இருக்கலாம், ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு வெகுவாக மாறும். அதை நம்பி மருந்தை விட முடியாது.

இன்னொன்று, பி12 பற்றாக்குறை இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை அதிகமாக எடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும், நாள் கடந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மதமதப்பை அலட்சியம் செய்யாதீர்கள். மாத்திரையா ஊசியா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கலப்படம் உண்டா என்று முகர்ந்து கண்டுபிடிக்கலாமா? (மதுரை)

முடியாது. திறந்த குளத்தில் வேறு நீலப்பச்சைப் பாசி புகுந்தால் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சு சேரலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் ஒரு கிராம் பொடிக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. ஈயம், ஆர்சனிக் போன்ற உலோகங்களும் நீரிலிருந்து ஏறும். அந்த பேட்ச் எண்ணுக்கே உரிய பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள், அதில் மைக்ரோசிஸ்டினும் உலோகங்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘ஆர்கானிக்’ முத்திரை இதற்குப் பதிலாகாது.

அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். குளோரெல்லா தரலாமா? (நாகர்கோவில்)

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே, மருந்தின் வேலையைக் குறைக்கும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள்.

வேறு யார் தவிர்க்க வேண்டும்? (பலர்)

பிகேயு என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் தொடவே கூடாது, அவர்கள் உடம்பால் சமாளிக்க முடியாத ஃபினைலாலனின் என்ற புரதக் கூறு இதில் அதிகம். லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் இருப்பவர்களும், மாற்று உறுப்புக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.