முழங்கை மடிப்பில் வலி: ஹேமர் கர்லுக்கு மாறலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 31. இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். ஒரு மாதமாக 12.5 கிலோ டம்பெல்லில் சாதாரண கர்ல் செய்தால் வலது முழங்கை மடிப்புக்குள்ளே ஆழமாக வலிக்கிறது. ஹேமர் கர்லில் அவ்வளவு வலி இல்லை, எடையும் கொஞ்சம் கூடத் தூக்க முடிகிறது. "அப்போ ஹேமருக்கு மாறிடு" என்கிறார் மாஸ்டர். "ஹேமர் போர்ஆர்முக்குத்தான், பைசெப்ஸ் வத்திடும்" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு உங்கள் மாஸ்டர் சொல்வதுதான் சரி. நண்பர்களின் பயத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் ஒரு பிடியில் வலிக்கிறது, இன்னொரு பிடியில் வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, மருத்துவராக எனக்கு அதுதான் முக்கியமான தகவல். எந்த இடம் புண்பட்டிருக்கக்கூடும் என்பதை அந்த வித்தியாசம் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, முழங்கையை மடக்கும் மூன்று தசைகளும் எந்த எலும்பில் போய் ஒட்டுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிப் பாருங்கள். ரேடியஸ்தான் அல்னாவின் மேல் புரண்டு புரண்டு வருகிறது. அல்னா ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கர்லில் பிடியை மாற்றினால் என்ன மாறும் என்பது முழுக்க இதில் அடங்கியிருக்கிறது.

பைசெப்ஸ் ஒட்டுவது ரேடியஸில். அதனால் அதற்கு இரண்டு வேலை: முழங்கையை மடக்குவது, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. முழங்கையை 90 டிகிரி மடக்கி, இடது கையை வலது பைசெப்ஸ் மேல் வைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையை அழுத்தமாக மேலே திருப்புங்கள். தசை உருண்டு திரளும். கீழே கவிழ்த்தால் தளர்ந்துபோகும். கை கவிழும்போது பைசெப்ஸின் தசைநாண், பம்பரத்தில் சாட்டை சுற்றுவதுபோல ரேடியஸைச் சுற்றிக்கொள்கிறது. அந்த நிலையில் மடக்குவதற்கான அதன் நெம்புதிறன் குறைகிறது. மூளையும் பைசெப்ஸை முழுவதுமாக முடுக்குவதில்லை. முடுக்கினால் கை மடங்குவதோடு தானாகப் புரளவும் பார்க்கும். சாதாரண கர்லில் உள்ளங்கை மேலே பார்ப்பதால் பைசெப்ஸுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. கட்டைவிரல் மேலே இருக்கும் ஹேமர் பிடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் பைசெப்ஸ் ஓய்வெடுப்பதில்லை, அதன் பங்கு கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது தசை பிரேகியாலிஸ். பைசெப்ஸுக்கு அடியில் படுத்திருக்கிறது. மேல்கை எலும்பின் கீழ்ப்பாதியில் முன்பக்கமாகத் தொடங்கி, அல்னாவில் போய் முடிகிறது. அல்னா புரளாத எலும்பு என்று பார்த்தோம். ஆகவே உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தாலும் பிரேகியாலிஸின் இழுப்பு மாறுவதே இல்லை. "ஹேமர்தான் பிரேகியாலிஸுக்கு, சாதாரண கர்லில் அது வேலை செய்யாது" என்று ஜிம்மில் சொல்வது இதனால்தான் தவறு. நீங்கள் செய்யும் ஒவ்வொரு கர்லிலும் அது உழைக்கிறது. ஹேமரில் பைசெப்ஸின் பங்கு குறைகிற அளவுக்கு மற்ற இரண்டின் மீதும் சுமை கூடுகிறது என்று சொன்னால் சரியாக இருக்கும். பிரேகியாலிஸ் ஆழத்தில் இருப்பதால், தோலின் மேல் ஒட்டும் மின்முனைகளால் அதை மட்டும் தனியாக அளப்பது கடினம். மேலே இருக்கும் பைசெப்ஸின் மின்துடிப்பும் கலந்துவிடும். எந்தக் கர்லில் அது எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று துல்லியமாகச் சொல்லும் வீடியோக்களை அப்படியே நம்பாதீர்கள்.

மூன்றாவது பிரேகியோரேடியாலிஸ். இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். முழங்கையை 90 டிகிரி மடக்கி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி முஷ்டி பிடித்து, மேசையின் அடிப்பக்கத்தில் வைத்து மேல்நோக்கித் தள்ளுங்கள். முன்கையின் வெளிப்பக்கத்தில் வரப்பு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு வரும். மேல்கை எலும்பின் வெளி ஓரத்தில் தொடங்கி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸின் நுனியில் ஒட்டும் நீளமான தசை அது. மூட்டின் மையத்திலிருந்து மற்ற இரண்டையும்விடத் தள்ளி ஓடுவதால், கை பாதி மடங்கியிருக்கும்போது அதற்கு நல்ல நெம்புதிறன் உண்டு. ஆனால் தசை மெல்லியது. மொத்த பலத்தில் பெரும்பங்கு பிரேகியாலிஸும் பைசெப்ஸும் தருவதுதான்.

இந்தத் தசைக்கு நரம்பு வரும் வழியும் வேறு. பைசெப்ஸுக்கும் பிரேகியாலிஸின் பெரும்பகுதிக்கும் ஒரே நரம்பு, மஸ்குலோகியூட்டேனியஸ். பிரேகியோரேடியாலிஸுக்கு வருவது ரேடியல் நரம்பு. விபத்தில் முதல் நரம்பு அறுந்தவர்கள்கூட டம்ளரை வாய்வரை கொண்டுபோவார்கள். ஆனால் கட்டைவிரலை மேலே வைத்து, ஹேமர் பிடியில்தான் கொண்டுபோவார்கள். உள்ளங்கையை மேலே திருப்பித் தூக்கச் சொன்னால் திணறுவார்கள்.

ஹேமரில் எடை கூடத் தூக்க முடிவதற்கும் இதுவே காரணம். பைசெப்ஸ் பெரிதாக எதையும் இழக்கவில்லை, பிரேகியோரேடியாலிஸ் தனக்கு வசதியான நிலையில் இருக்கிறது, மணிக்கட்டும் நேராக நிற்கிறது. கணக்காகச் சொன்னால், டம்பெல் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. 90 டிகிரியில் பைசெப்ஸ் இழுப்பது மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான். ஏழு மடங்கு வித்தியாசம். உங்கள் 12.5 கிலோவை பைசெப்ஸ் மட்டும் தாங்குவதாக வைத்துக்கொண்டால், அதன் தசைநாண் 87 கிலோ அளவுக்கு இழுபட வேண்டும். அதை மூன்று தசைகள் பங்கிட்டுக்கொள்வதால்தான் தாங்குகிறது. பங்கீடு கொஞ்சம் மாறினாலும் புண்பட்ட தசைநாணுக்கு அது பெரிய நிம்மதி.

இனி உங்கள் வலிக்கு வருவோம். மடிப்புக்குள் ஆழமான வலி, உள்ளங்கை மேலே இருந்தால் அதிகம், ஹேமரில் குறைவு. பைசெப்ஸின் தசைநாண் ரேடியஸில் ஒட்டும் இடத்தில் நைந்துபோயிருக்கலாம் என்பதே என் முதல் சந்தேகம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கிக்கொள்ளுங்கள், கை கவிழ்ந்திருக்கட்டும். இன்னொருவர் உங்கள் கையை இறுக்கிப் பிடிக்க, நீங்கள் உள்ளங்கையை மேலே திருப்ப முயலுங்கள், மடக்க வேண்டாம். அப்போது அதே வலி வந்தால் சந்தேகம் வலுக்கிறது, ஏனென்றால் திருப்பும் வேலையில் பிரேகியாலிஸுக்குப் பங்கே இல்லை. திருகாணியை முடுக்கும்போதும் இறுகிய பாட்டில் மூடியைத் திறக்கும்போதும் வலிக்கிறதா என்றும் கவனியுங்கள். திருப்பும்போது வலியில்லாமல், உள்ளங்கையைக் கவிழ்த்து எடை தூக்கும்போது மட்டும் வலித்தால் பிரேகியாலிஸைச் சந்தேகிக்கலாம். முன்கையின் வெளிப்பக்கத்தில் வலித்தால் அது வேறு கதை.

ஹேமர் நல்லது என்றால் கையை முழுக்கக் கவிழ்த்துச் செய்யும் ரிவர்ஸ் கர்ல் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். வேண்டாம். கை கவிழும்போது ரேடியஸுக்கும் அல்னாவுக்கும் நடுவே அந்தத் தசைநாண் இருக்கும் இடைவெளி வெகுவாகக் குறுகிவிடும். ஏற்கெனவே வீங்கிய நாண் அங்கே நசுங்கும். இழுவையும் குறைவாக, நசுங்கலும் குறைவாக இருக்கும் நடுநிலை ஹேமர் பிடிதான்.

முதல் மூன்று வாரம் சாதாரண கர்லையும், உள்ளங்கை உங்களைப் பார்க்கும் சின்-அப்பையும் நிறுத்துங்கள். ஹேமர் கர்லை 7.5 கிலோவில் தொடங்குங்கள்: வாரம் இரண்டு நாள், 3 செட், செட்டுக்கு 10 முதல் 12 முறை, இறக்குவதற்கு மூன்று விநாடி. வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் கூடியிருக்கவும் கூடாது. கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். கையை முழுவதும் நீட்டி, கீழே தொப்பென்று விட்டுத் தாங்காதீர்கள். பைசெப்ஸின் நாண் பெரும்பாலும் அறுவது, மடங்கியிருக்கும் கையை பாரம் வலுக்கட்டாயமாக நீட்டும் அந்த நொடியில்தான். நான்காவது வாரத்தில் சாதாரண கர்லைப் பாதி எடையில், அதாவது 6 கிலோ அளவில் ஒரு செட் சேர்த்துப் பாருங்கள். வலி இல்லையென்றால் வாரத்துக்கு 1 அல்லது 1.5 கிலோ ஏற்றலாம். இந்த இடைவெளியில் பைசெப்ஸ் வற்றிப்போகாது. ஹேமரில் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. கூடவே பிரேகியாலிஸ் தடித்தால் பைசெப்ஸை அடியிலிருந்து தூக்கிக் காட்டும்; பக்கவாட்டில் பார்த்தால் கை பருமனாகத் தெரியும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். முழங்கையில் அடிபட்டு வீக்கம் இருக்கும்போது மடிப்பில் எண்ணெய் விட்டு அழுத்தி நீவக் கூடாது, கையை இழுத்து நிமிர்த்தவும் கூடாது. காயம்பட்ட பிரேகியாலிஸுக்குள் எலும்பு வளர்ந்து, முழங்கை மடங்கவும் நீளவும் முடியாமல் இறுகிப்போகும் ஆபத்து உண்டு. நம் ஊரில் இந்த நீவலுக்குப் பிறகு அப்படி வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எடை தூக்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, மடிப்பில் கன்றிப்போய், பைசெப்ஸ் மேலே சுருண்டு நின்றால் நாண் அறுந்திருக்கலாம். அப்போதும் கை மடங்கும். பிரேகியாலிஸ் மடக்கிவிடும் என்பதால் பலரும் "சரியாகிவிடும்" என்று வாரக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். தைக்காமல் விட்டால் மடக்கும் பலத்தில் சுமார் 30 சதவீதமும் திருப்பும் பலத்தில் சுமார் 40 சதவீதமும் குறையும். நாண் இருக்கிறதா என்று தொட்டே பார்க்கலாம். முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கையை முகத்தை நோக்கித் திருப்பி, மற்றொரு கையின் ஆள்காட்டி விரலை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிச் செருகுங்கள். கயிறு மாதிரி ஒன்று விரலில் கொக்கி போட்டதுபோல மாட்ட வேண்டும். இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மாட்டவில்லை என்றால் அந்த வாரத்திலேயே எலும்பு அறுவை மருத்துவரைப் பாருங்கள். இரண்டு, மூன்று வாரம் கடந்தால் நாண் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், தைப்பது கடினமாகிவிடும். சத்தமும் கன்றலும் எதுவும் இல்லாமல், மேலே சொன்ன பயிற்சியில் ஆறு வாரம் ஆகியும் வலி குறையாவிட்டால் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும்.