பூட்டிக் கிடந்த வீட்டில் தெள்ளுப்பூச்சிக் கடி

கேள்வி: நான்கு மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் பழைய பலகை வீட்டுக்குத் திரும்பி வந்தோம். சீலிங்கில் இருந்த எலிகளை மருந்து வைத்து ஒழித்தோம். அதன் பிறகு என் கணுக்காலிலும் மகள் காலிலும் சிவப்புத் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. கணவருக்கு ஒன்றும் இல்லை. நாய், பூனை வளர்க்கவில்லை. ஸ்ப்ரே அடித்தும் நிற்கவில்லை, டாக்டர்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன் அம்மா. எலி செத்து உடல் குளிர்ந்ததும், அதன் மேல் இருந்த தெள்ளு இறங்கி வேறு ரத்தம் தேடும். இன்னொரு பக்கம், அது இட்ட முட்டைகள் பலகை இடுக்குகளில் விழுந்து, புழுவாகி, கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆள் நடக்கும் அதிர்வும், உடல் சூடும், மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே குதிக்கும். அதனால்தான் காலி வீட்டில் நுழைந்ததும் கடி தொடங்குகிறது. கணவரையும் கடித்திருக்கலாம், எல்லார் தோலும் தடிப்பதில்லை.

உறுதி செய்ய, இரவில் தரையில் ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, அதன் மேல் சிறு விளக்கை எரிய விடுங்கள். காலையில் எள்ளை விடச் சிறிய, பக்கவாட்டில் தட்டையான பழுப்புப் பூச்சி தண்ணீரில் செத்துக் கிடந்தால் தெள்ளுதான். சில இரவுகள் வைத்தும் ஒன்றும் விழாவிட்டால் மூட்டைப்பூச்சியையோ எலிச் சிற்றுண்ணியையோ தேட வேண்டும்.

ஸ்ப்ரே பலிக்காததற்குக் காரணம் அந்தக் கூடுதான். மருந்து அதற்குள் போகாது. தினமும் இடுக்குகள், கட்டிலடி எல்லாம் வேக்குவம் போடுங்கள். அந்த அதிர்வே பூச்சியை வெளியே வரவைக்கும். பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள். பூச்சி ஒழிப்பவரிடம், பைரிப்ராக்சிஃபென் போல வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்ததைக் கேளுங்கள். அடித்த இடத்தை உடனே மாப் போட்டுத் துடைத்துவிடாதீர்கள்; புதிதாக வரும் தெள்ளு அதில் நடந்துதான் சாகும். அப்புறமும் இரண்டு மூன்று வாரம் ஒன்றிரண்டு வரும். குறைந்துகொண்டே வந்தால் சரி.

சீலிங்கில் செத்த எலி கிடக்கிறதா என்று பாருங்கள். கையுறை, முகக்கவசம் போட்டு, குளோரக்ஸ் கலந்த தண்ணீரால் நனைத்த பிறகே எச்சத்தை எடுங்கள். காய்ந்தபடி கூட்டக் கூடாது.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். 1% ஹைட்ரோகார்டிசோன் கிரீமை ஒரு நாளைக்கு இரண்டு முறை, சில நாள் மட்டும் தடவலாம். புண்ணான இடத்தில் வேண்டாம். இரவு அரிப்புக்கு செட்டிரிசின் உதவும். மகளுக்கான அளவை ஃபார்மசியில் கேளுங்கள். நகத்தை வெட்டி விடுங்கள். சீழோ மஞ்சள் பொருக்கோ வந்தால் கிளினிக் போக வேண்டும்.

நான் கவலைப்படுவது காய்ச்சலைப் பற்றித்தான். எலித் தெள்ளு மூலம் மியூரைன் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரலாம். கடித்து ஒன்று இரண்டு வாரத்தில் கடும் தலைவலி, உடல்வலியோடு தொடங்கும். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்கிதான் நினைவுக்கு வரும். ஆகவே வீட்டில் எலி இருந்ததையும் தெள்ளு கடித்ததையும் நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். டைஃபஸ் என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள், நன்றாகக் கேட்கும்.